மூவாயிரத்து எழுநூறு கமெண்ட்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் விற்பனை மேலாளர் திரையில் ஒரே ஒரு எண்ணைப் போட்டார். 3,700. அவ்வளவு பெரிய எழுத்தை நான் பேருந்தின் நெற்றியில்தான் பார்த்திருக்கிறேன்.

"புது கரண்ட் கெட்டிலுக்கு நெட்ல வந்த கமெண்ட் சார். பழசுக்கு ரெண்டு வருஷத்துல மொத்தமே நானூறு. இதுக்கு ரெண்டே மாசத்துல இவ்வளவு!"

முதலாளி கைதட்டினார். அவர் தட்டிய பிறகு சும்மா இருக்க முடியுமா, எல்லோரும் தட்டினோம். மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கூட்டல்'. மனிதர் எதைப் பார்த்தாலும் கூட்டிவிடுவார். என்ன வந்தது என்று கேட்டால் எத்தனை வந்தது என்பார்.

"ஊரே பேசுதுங்கிறீங்க. அப்புறம் பழசை எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்கணும்? மாசக் கடைசியோட நிறுத்திடலாம்" என்றார் முதலாளி.

புது கெட்டில் வெளியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குவது. பழைய கெட்டிலைத்தான் பின்கட்டுக் கொட்டகையில் எங்கள் ஆட்கள் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுகிறார்கள். அதை நிறுத்தினால் கொட்டகைக்கும் பூட்டுதான். அங்கே பிடி மாட்டும் இருபது பேரில் ஒருவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

"சார், இந்த மூவாயிரத்து எழுநூறுல எத்தனை பேர் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன்.

கூட்டல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிடிச்சாதானேம்மா கமெண்ட் போடுவாங்க?"

நான் வாடிக்கையாளர் சேவையில் போன் எடுப்பவள். பிடித்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்சியதாக நினைவில்லை. பிடி சுடுகிறது என்று வந்த அழைப்புகளை மாதாமாதம் எழுதி இவரிடம்தான் கொடுத்தேன். அதையும் கூட்டி, 'வாடிக்கையாளர் தொடர்பு அதிகரிப்பு' என்று மேல்நோக்கி ஓர் அம்பு போட்ட மகானுபாவர் இவர்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அவ கேக்கறதும் சரிதான். நல்லது கெட்டது பிரிச்சு அடுத்த திங்கக்கிழமை காட்டுங்க."

அடுத்த திங்கட்கிழமையாவது! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூட்டல் பிரித்துவிட்டார். நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டு எண்ணும் ஒரு மென்பொருளில் மொத்தத்தையும் கொட்டினார். நல்லது எண்பத்திரண்டு சதவீதம் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் பறந்தது. கெட்டது என்று அது சொல்லாத எல்லாமே அவருக்கு நல்லதுதான்.

அந்த 'நல்லது' குவியலைத் திறந்து பார்த்தேன்.

'அருமையான கெட்டில். தண்ணி சுடறதுக்கு முன்னாடி பிடி சுட்டுடுது.' அருமை இருக்கிறதாம், ஆகவே நல்லது.

'சூப்பர். அடுத்த தடவை கெட்டிலோட களிம்பும் சேர்த்து அனுப்புங்க.' நல்லது.

'மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தேன். பரம திருப்தி. ஐந்து நட்சத்திரம்.' மிக மிக நல்லது.

'கெட்டது' குவியலிலோ, 'பயந்துக்கிட்டே வாங்கினேன், ஒரு பிரச்சினையும் இல்லை, குறையே சொல்ல முடியாது' என்று ஒரு நல்ல மனிதர் எழுதியிருந்தார். பயம், பிரச்சினை, குறை என்று மூன்று இருந்ததால் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது மென்பொருள்.

நாலைந்தை அச்செடுத்து முதலாளியிடம் நீட்டினேன். மாமியார் கமெண்டை இரண்டு முறை படித்தார். அவருக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள்.

"உக்காந்து படிச்சே பிரிச்சிடுங்க" என்றார்.

எனக்குத் துணையாகத் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தடித்த கண்ணாடி போட்டதால் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவோம். எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத பிறவி. முதலில் ஒரே இருநூறு கமெண்டை இருவரும் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும் என்றாள். ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐம்பதில் முட்டிக்கொண்டது.

"'எப்ப வரும்?'னு ஒருத்தர் கேட்டிருக்கார். இதை எப்படிக்கா கெட்டதுல போட்டீங்க?"

"வரலைன்னுதானே கேக்கறார்?"

"நேத்துதான் ஆர்டர் பண்ணியிருக்கார். கேள்வி வேற, குறை வேற. நீங்க உங்க அத்தானை மனசுல வச்சுக்கிட்டுப் பிரிக்கறீங்க."

சுருக்கென்றது. வாஸ்தவம்தான் சொன்னாள். நல்லதை எல்லாம் கெட்டதாக்கினால் எனக்கும் கூட்டலுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் சேராதவற்றுக்கு மூன்றாவதாக ஒரு குவியல் வைத்தோம். நிறம் அழகு, பிடி சுடுகிறது என்று ஒரே ஆள் எழுதியிருந்தால் அழகை ஒரு பக்கமும் சூட்டை மறுபக்கமும் குறித்துக்கொண்டோம். நட்சத்திரத்தை நம்பாமல் வாசகத்தை நம்பினோம். கிண்டலா நிஜமா என்று சந்தேகம் வந்தால் இருவரும் சேர்ந்து படித்தோம். விதிகள் படிந்த பிறகுதான் மீதியைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டோம்.

மூன்றாவது குவியல் பூதம் மாதிரி வளர்ந்தது. 'எனக்கு வேணும்', 'நானும் இருக்கேன்', 'என் பேரைக் குலுக்குங்க' என்று பாதிக்கு மேல் இதே பாட்டு. தோண்டிப் பார்த்தால், 'கமெண்ட் போடுங்க, கெட்டில் வெல்லுங்க' என்று கூட்டல் ஒரு போட்டி நடத்தியிருக்கிறார். கூட்டத்தில் அதை மட்டும் கூட்டாமல் விட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "என்னடி ஆச்சு? இந்த மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கறார். கொட்டகையை மூடறாங்களா இல்லையா?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா."

"இந்த வயசுல என்ன படிப்பு உனக்கு?" என்று வைத்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்த திங்கட்கிழமை கூட்டல் முந்திக்கொண்டார். "சார், மூவாயிரத்து எழுநூறையும் ஒண்ணு விடாம பிரிச்சாச்சு!"

"பிரமாதம்" என்று முதலாளி கையைத் தூக்கிவிட்டார். தட்டுவதற்குள் கண்ணாடி எழுந்து நின்றாள். அவளுக்கு யார் கைதட்டலும் ஒரு பொருட்டில்லை.

"சார், பாதிக்கு மேல போட்டிக்கு வந்தவங்க, கெட்டிலைக் கண்ணாலகூடப் பார்க்காதவங்க. ஒரு ஐந்நூறு சும்மா கேள்வி. கெட்டிலைப் பத்திப் பேசினவங்க ஆயிரத்து முந்நூறு பேர்தான். அதுல ஆயிரம் பேருக்குப் பிடிக்கலை. பெரும்பாலும் பிடி சுடுதுன்னுதான். பழசையும் இதே விதியில பிரிச்சோம். நானூறுல முந்நூத்தி நாப்பது நல்லது."

"அப்ப ஏன் நானூறே வந்துச்சு?" என்றார் முதலாளி.

"போட்டி வைக்கலை சார். கையும் சுடலை" என்றேன் நான்.

முதலாளி எங்கள் தாள்களை வாங்கி உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க முகம் இறுகியது. ஒரு தாயின் கமெண்டில் வெகுநேரம் நின்றார். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் எடுக்கப்போய்க் கை சுட்டு, கெட்டிலைக் கீழே போட்டிருக்கிறாள். நல்லவேளை, குழந்தை பக்கத்தில் இல்லை. 'நன்றி' என்று முடித்திருந்தாள். மென்பொருள் அதையும் நல்லதில்தான் வைத்திருந்தது.

"பிடியை மாத்தற வரைக்கும் புதுசு ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. வித்ததையும் திரும்ப வாங்குங்க. கொட்டகை ஓடட்டும்" என்றார்.

மேசைக்கு அடியிலேயே அக்காவுக்குச் செய்தி தட்டினேன். பார்க்காமல் தட்டியதில் எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. கவலையில்லை, அத்தான் படித்துச் சொல்வார், அதற்காவது வாய் திறப்பார்.

எல்லோரும் எழுந்தபோது முதலாளி கூட்டலை மட்டும் நிறுத்தினார். "இதுல ஒண்ணையாவது படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் எண்ணினேன் சார்."

முதலாளி தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார். "உங்களைப் பத்தியும் இந்த ஆபீஸ்ல நிறைய பேர் எங்கிட்ட கருத்து சொல்லியிருக்காங்க."

கூட்டலின் முகம் மலர்ந்தது.

"எத்தனை பேர் சார்?" என்றார்.