மூடிய கிண்ணம்

அந்தக் கண்ணாடிக் கிண்ணம் ஜன்னல் திட்டில் அப்படியே இருந்தது. பதினோரு நாளாக யாரும் தொடவில்லை.

என் மனைவி ஏழாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை. நான் அதே பள்ளியில் கணக்கு. நீர்ச் சுழற்சிக்கான மாதிரியை வெயிலில் வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியவள், முப்பத்திரண்டு பிள்ளைகள் பார்க்கச் சரிந்து விழுந்தாள். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"பிள்ளைங்க மிரண்டு போயிருக்காங்க சார். அடுத்த பாடத்துக்குப் போயிடலாமே," என்றார் தலைமையாசிரியை.

"ஒரே ஒரு பீரியட் கொடுங்க மேடம். அவ பாதியில விட்டத முடிச்சிடறேன்."

அவளுடைய பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிண்ணத்தில் மை கலந்த நீலத் தண்ணீர், நடுவில் காலி டம்ளர், மேலே இழுத்துக் கட்டிய பாலித்தீன் தாள், டம்ளருக்கு நேர் மேலே அதை அழுத்தும் கூழாங்கல். தண்ணீர் ஊற்றியதும் கிண்ணத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள்.

"டீச்சர் வெச்சது சார். பெருக்க வந்த அக்காவ நாங்க கிட்டவே விடல," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர். தாளின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவள் இல்லாத பதினோரு நாளும் இது நிற்கவே இல்லை.

"சார், மை நீலமா இருக்கு, டம்ளர்ல மட்டும் வெள்ளையா இருக்கே?"

"தண்ணி மட்டுந்தான் ஆவியாகும். மை கீழயே தங்கிடும். ஆவி தாள்ல பட்டுக் குளிர்ந்து சொட்டாகுது. அதுதான் மேகம், அதுதான் மழை."

பாடத்திட்டத்தின் கடைசியில் குட்டி வினாடி வினா. முதல் நான்கு கேள்விகளையும் வாசித்து விடை எழுதச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஐந்தாவது: 'டம்ளர் நீரைத் திரும்பக் கிண்ணத்தில் ஊற்றினால் கோட்டைத் தொடுமா, குறையுமா?' கீழே, தவறாக எண்ணக்கூடியவை என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து: 'குறையும் என்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு வாத்தியாரே சாப்பிடும்போது அப்படித்தான் சொன்னார்.'

யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும், "இப்பவும் அதையேதான் சொல்றீங்களா சார்?" என்றான்.

பாலித்தீன் தாளைப் பிரித்தேன். டம்ளரை எடுத்து ஊற்றினேன். தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூலளவு கீழே நின்றது.

"தாள்ல ஒட்டியிருக்கே சார், அத உதறுங்க!"

கிண்ணத்துக்கு மேலே பிடித்து உதறினேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. தண்ணீர் மெல்ல ஏறி அவள் போட்ட கோட்டைத் தொட்டது.

விடைத்தாள்களை நானே திருத்தினேன். ஐந்தாவது கேள்விக்கு முப்பத்திரண்டு பேரும் சரி. கிண்ணத்தைக் கழுவி வைக்கச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். நான் பாலித்தீன் தாளை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.