மூன்று சென்டிமீட்டர்

வலது தோளைத் தூக்கினால் எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. ஆறு மாதமாக இதே கதைதான். சட்டை மாட்டக்கூட அந்தக் கைக்கு முதலில் வழிவிட வேண்டும். தலைக்கு மேலே தூக்க வேண்டிய வேலையென்றால் டிரில்லை மச்சினன் கையில் கொடுத்துவிடுவான் பைப்காரன். இந்தத் தோள் சங்கதி இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று பெண்டாட்டி, இன்னொன்று அவள் தம்பி.

பெண்கள் விடுதியின் சமையலறைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. சுவரில் மாட்டிய தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின், உள்ளே மோட்டார் ஓடும்போதெல்லாம், கர்ர்ர் என்று தாங்கியோடு சேர்ந்து அதிர்ந்தது.

"வாங்க, கச்சேரிக்கு வந்தீங்களா?" என்றாள் சமையல்காரி. "ரெண்டு நாளா பாடுது. நேத்துல இருந்து தலைய வேற சாய்க்குது."

விடுதிக்காரம்மா சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "போன வாரம் மட்டம் பாத்துட்டுத்தான போனீங்க?"

"பாத்தேம்மா. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன். குமிழ் நடுவுல நின்னுச்சு. இப்ப பாருங்க."

அவன் தாங்கியின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழ் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கட்டடத்தில் ஆறு மாடி. முதல் மாடியில், இந்தச் சமையலறையில் ஒன்று மாட்டிப் பார்ப்போம், சரியாக இருந்தால் மீதி ஐந்தும் உங்களுக்கே என்று விடுதிக்காரம்மா சொல்லியிருந்தாள். அந்த ஐந்தை நம்பித்தான் இரண்டு மாதத்துக்கான வேலையை மனதில் அடுக்கி வைத்திருந்தான்.

குழாயை அடைத்து, தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்கி, மெஷினைக் கழற்றித் தரையில் ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்து ஓடவிட்டான். சத்தம் பாதிக்குப் பாதி அடங்கியது. மோட்டார்மேல் தப்பில்லை. சுவரில்தான் ஏதோ இருக்கிறது.

தாங்கியின் மேல் ஸ்க்ரூ ஒன்றைத் திருகினான். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இழுத்தான். ஸ்க்ரூவோடு, ஓட்டைக்குள் அதைப் பிடித்து நிற்க வேண்டிய பிளாஸ்டிக் பிளக்கும் கையோடு வந்துவிட்டது.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆறு சென்டிமீட்டர் பிளக் வாங்கிக் கொடுத்திருந்தான். கையில் இருந்தது அதில் பாதி. முனை கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. ஸ்க்ரூவும் அவன் வாங்கிய நீளம் இல்லை. டைல் ஒரு சென்டிமீட்டர், அதற்குப் பின்னால் சிமென்ட் பூச்சு இரண்டு. அந்தப் பிளக் செங்கல்லைத் தொடவே இல்லை. தண்ணீர் நிரம்பினால் பதினெட்டு கிலோ வரும் மெஷினைப் பூச்சு மணல் தாங்கிக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றிருந்தால் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். மோட்டார் அதிர அதிரப் பூச்சு மாவாகி, மேல் ஸ்க்ரூக்கள் வெளியே வந்துகொண்டிருந்தன.

பையைத் துழாவி டிரில் பிட்டை எடுத்தான். ஆழம் தெரிய ஏழு சென்டிமீட்டரில் நீல டேப் சுற்றியிருந்தான். இப்போது டேப் மூன்றில் இருந்தது.

அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. சுவரில் கோடு போட்டு நான்கு புள்ளி வைத்தவன் அவன். பிறகு குழாயில் இணைப்பு எடுக்கக் கீழே போய்விட்டான். திரும்பி வந்தபோது தாங்கி சுவரில் ஏறியிருந்தது. "சும்மா வெண்ணெய் மாதிரி இறங்குச்சு மச்சான்," என்று மச்சினன் சிரித்தான். மச்சினனுக்கு அன்று வேறு இடத்தில் அவசரம். இவன் குமிழைப் பார்த்தான், ஓட்டையைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஒன்றாக வேலை செய்தவனின் ஓட்டையை யார் அளப்பார்கள்?

"ஓட்டை போட்டது யாரு?" விடுதிக்காரம்மா கேட்டாள்.

"என் மச்சினன்மா."

"அவரு நம்பர் எங்கிட்ட இருக்கு." அவளே போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, சொல்லுங்கம்மா," என்றது போன்.

"அந்தச் சுவத்துல ஓட்டை போட்டது யாருப்பா?"

 குரல் குழைந்து வந்தது. "நான் சாமான் எடுத்துக் குடுத்ததோட சரிம்மா. எல்லாம் மச்சான்தான். அவருக்குத் தோள் போச்சும்மா, கை தூக்க முடியல, நடுங்குது. சொன்னா கோவப்படுவாரு. பெரியவருன்னு நானும் வாய மூடிட்டு இருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க, மத்த அஞ்சு மாடியும் நானே தனியா வந்து பாத்துக்கறேன்."

சமையல்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைப்காரன் பாதிப் பிளக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இத வெட்டினது அவன்மா."

"யாரு வெட்டினதுன்னு அதுல எழுதியா இருக்கு?" என்றாள் விடுதிக்காரம்மா. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "கைய தூக்குங்க பாப்போம்," என்றாள்.

அவன் தூக்கினான். தோள் உயரம் வரை வந்தது. அதற்கு மேலே ஏறவில்லை.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"இத மட்டும் நான் முடிச்சுட்டுப் போறேன்," என்றான்.

டேப்பை உரித்து மறுபடி ஏழில் சுற்றினான். ஸ்டூல் மேல் ஏறினான். ஏறி நின்றால் கையை அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. டிரில்லை இடது கையில் பிடித்து, நெஞ்சால் முட்டுக் கொடுத்தான். பழைய ஓட்டையிலேயே உள்ளே போனான். மூன்று சென்டிமீட்டர் தாண்டியதும் சிவப்புத் தூள் கொட்டியது, செங்கல். நான்கு ஓட்டைக்கும் நாற்பது நிமிஷம் ஆனது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஓட்டைகளில் தூளை ஊதி எடுத்து, முழு நீளப் பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும்வரை தட்டினான். ஏழு சென்டிமீட்டர் நீள ஸ்க்ரூ. முதலில் ஒன்றை இறுக்கி, ரசமட்டம் வைத்து, மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினான். கடைசிச் சுற்றில் ஸ்க்ரூ கையை எதிர்த்தது. தாங்கியைப் பிடித்துத் தொங்குவதுபோல் இழுத்தான். தாங்கி அசையவில்லை.

மெஷினைத் தாங்கியில் ஏற்றி, அதன் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் வைத்தான். சுவரில் உரசிக்கொண்டிருந்த குழாயைத் தளர்த்தி, இடைவெளி விட்டு வளைத்தான். தொட்டி நிறைந்துகொண்டிருக்க, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துத் தாங்கியின் ஓரத்தில் வைத்தான்.

மோட்டார் ஓடியது. தம்ளரின் விளிம்பில் நின்ற தண்ணீர் அலுங்கவில்லை.

"அட, பாட்டு நின்னுடுச்சு," என்றாள் சமையல்காரி மெதுவாக.

விடுதிக்காரம்மா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலை நல்லா இருக்கு," என்றாள். "ஆனா ஒண்ணுக்கே இவ்ளோ கஷ்டப்படறீங்க. மத்தது... அவருகிட்ட சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

வெளியே படியிறங்கும்போது போன் அடித்தது. மச்சினன்.

"கோவமா மச்சான்? எனக்கும் பொழப்பு ஓடணும்ல. பிட்டு மழுங்கிப் போச்சு அன்னிக்கு, இறங்கவே இல்ல. அதான் வெட்டிட்டேன். சொந்தத்துக்குள்ள இதெல்லாம்..."

"எங்கிட்ட சொல்ற. அந்தம்மாகிட்ட சொல்லு. இப்பவே போன் போட்டு, ஓட்டை போட்டது நான்தான்னு சொல்லு மாப்ள. அவ்ளோதான்."

"அப்புறம் பாத்துக்கலாம் மச்சான். அக்காவ கேட்டேன்னு சொல்லுங்க."

போன் அடங்கியது. பை வலது தோளில் தொங்குவதை அப்போதுதான் கவனித்தான். இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

மாத முடிவில் மச்சினன் ஆறாவது மாடியும் முடித்துவிட்டான். பைப்காரனுக்கு அவன் தர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அந்தச் சமையலறையில் நின்று சொல்ல வேண்டியது: 'ஓட்டை போட்டது நான்தான்.' அந்தக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.