இரண்டாவது சாக்கு

காலையில் கணினியைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஆள் இல்லாத நேரத்தில் எங்கள் செயலியைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தோற்றுப்போயிருந்தது.

தானா ராத்தா ஊருக்கு வெளியே, ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரின் மாடியில்தான் எங்கள் சின்ன ஆபிஸ். கொழுந்து நிறுக்கும்போது, கூலிக் கணக்குக்காக எடையைப் போனில் பதியும் செயலி எங்களுடையது. அதைச் சோதிப்பது என் வேலை. அதன் புதிய பதிப்பு அன்று மதியம் எல்லாத் தோட்டங்களுக்கும் போகவேண்டும்.

மேனேஜர் கிளாரன்ஸ் கே.எல். தலைமை ஆபிஸிலிருந்து கூப்பிட்டார். "கேத்லீன், மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. அனுப்பலாமா, வேணாமா?"

"பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார். எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு இல்லலா."

சிவப்பைக் கண்டதும் "மறுபடி ஓட்டு" என்று கத்துகிறவர்களை எனக்கு ஆகாது. முதலில் பிழைச் செய்திகளைப் பார்த்து ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவைத்தேன். பெரிய கூட்டம் முழுக்க 'தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை' என்றது. எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தவை. சோதனை சர்வரில் பழைய பதிவுகள் குவிந்து டிஸ்க் நிரம்பியிருந்தது. அது சூழலின் கோளாறு. இடத்தைக் காலி செய்து ஓட்டினேன், பச்சை.

அடுத்த கூட்டம் 'பொத்தானைக் காணோம்' என்றது. போனில் கையால் தட்டினால் பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது. புதிய திரையில் அதன் உள்பெயரை மாற்றியிருக்கிறார்கள், எங்கள் ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடியிருக்கிறது. தப்பு எங்களுடையது. திருத்தினேன், அதுவும் பச்சை.

மிச்சம் ஒன்றே ஒன்று நின்றது. ஒரே ஆள் ஒரே எடையில் இரண்டு சாக்குப் போடும் சோதனை. இரண்டு பதிவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மறுபடி ஓட்டினால் பச்சை. இன்னொரு தடவை சிவப்பு. அப்புறம் பச்சை.

எதிரே உட்கார்ந்திருந்த மகேன் சிரித்தான். செயலியை எழுதுகிறவன் அவன். இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பிள்ளை. அவன் அத்தை பாஞ்சாலை இன்னும் இங்கேதான் கொழுந்தெடுக்கிறார். "விடுங்கக்கா, அது ஆடுற டெஸ்ட். ஒதுக்கி வச்சிட்டு அனுப்பலாம்லா."

எனக்குச் சுருக்கென்றது. "காரணம் தெரியாம ஒதுக்க மாட்டேன்."

தோற்ற ஓட்டங்களையும் ஜெயித்த ஓட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தோற்றவற்றில் இரண்டு சாக்கும் ஒரே நிமிடத்துக்குள் பதிவானவை. ஜெயித்தவற்றில் நடுவே கடிகாரம் அடுத்த நிமிடத்துக்குப் போயிருந்தது. வேண்டுமென்றே ஒரே நிமிடத்தில் போட்டேன்; ஒவ்வொரு தடவையும் சிவப்பு. எடையைக் கொஞ்சம் மாற்றினேன், பச்சை. பழைய பதிப்பில் எப்படிப் போட்டாலும் பச்சை. உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, இல்லாத சாக்குகளை எடைபோட்டு, காணாமல்போகப் போகிற சாக்கை அந்த ஓட்டம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது!

மகேனிடம் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது. "மலையில லைன் விட்டு விட்டு வருதுலாக்கா. ஒரே பதிவு ரெண்டு தடவ வந்துடுது. அதான் ஒரே ஆள், ஒரே எடை, ஒரே நிமிஷம்னா ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண எடுத்துடுற மாதிரி எழுதினேன். ரெண்டு சாக்கு அச்சா ஒரே எடையில, அதுவும் ஒரே நிமிஷத்துல யாரு போடுவா?"

"வா, கீழ போலாம்."

புதிய பதிப்பு ஏற்றிய சோதனைப் போனோடு இறங்கினோம். பனி விலகி மலை முழுக்கப் பச்சையாக எழுந்து நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான், ஆனாலும் அப்படியே நின்றுவிட்டேன். கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் கொழுந்துக் குவியல். லாரியில் ஏற்றத் தோதாக இருக்குமென்று, இங்கே ஒவ்வொரு சாக்கையும் தராசிலேயே கூட்டிக் குறைத்துச் சரியாக இருபது கிலோவாக்குவார்கள். தினமும் ஜன்னலுக்குக் கீழே நடப்பதுதான்.

பாஞ்சாலையின் முறை வந்தது. கணக்கெழுதும் கிராணி தன் போனில் வழக்கம்போலப் பதிந்தார். அதையே மகேன் சோதனைப் போனில் பதிந்தான். இருபது. சாக்கு இறங்கியது, அடுத்தது ஏறியது. ஒரு கை கொழுந்தை எடுத்ததும் அதுவும் இருபது. மகேன் மறுபடி தட்டினான்.

பாஞ்சாலை ஆசையாக அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இதான் நீ செஞ்சதா ராஜா? என் பேரெல்லாம் வருதே!" அப்புறம் கண்ணைச் சுருக்கினார். "ஒரு சாக்குதான காட்டுது. இன்னொண்ணு எங்க?"

மகேன் திரையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான்தான் அத்தை எடுத்துட்டேன்" என்றான். பிறகு என்னிடம் திரும்பி, "கிளாரன்ஸ் சாருக்கு நானே போன் போடுறேன்க்கா. இன்னைக்கு அனுப்ப வேணாம்" என்றான்.