இருபது நிமிடங்கள்

மதுரையில் நடக்கவிருந்த சர்வீஸ் கமிஷன் எழுத்தர் தேர்வுக்கு இன்னும் ஆறு நாள்களே இருந்தன. முந்தைய நாள் வீட்டில் எழுதிய மூன்றாவது மாதிரித் தேர்வின் தாள்களைத் திங்கட்கிழமை பிற்பகலில் வீரலட்சுமி திருத்த உட்கார்ந்தாள். காரைக்குடியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில், பழைய வினாத்தாளை வைத்து, பத்து மணி முதல் ஒரு மணி வரை ஆறு கேள்விகளுக்கும் எழுதுவது அவள் ஏற்படுத்திக்கொண்ட முறை. கண்காணிப்பவர் அவள் கணவர் மாயக்கண்ணன். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகரான அவருக்கு ஞாயிறு விடுமுறை.

ஒவ்வொரு கேள்வியையும் தொடங்கும்போது எதிரே இருக்கும் டைம்பீஸைப் பார்த்து ஓரத்தில் நேரத்தைக் குறிப்பாள். எழுதும்போது கவனம் கலைந்தால் அதையும் குறிப்பாள். மதிப்பெண் எங்கே போயிற்று என்பதைப் போலவே நேரம் எங்கே போயிற்று என்பதும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் தேர்வில் கடைசிக் கேள்வி பாதியில் நின்றுவிட்டது. அடுத்த இரண்டிலும் ஆறும் முடிந்தன. "கை பழகிருச்சு" என்று மாயக்கண்ணன் சொன்னார். அவளும் நம்பினாள்.

விடைகளுக்கு மதிப்பெண் போட்டு முடித்தாள். அறுபத்திரண்டு. பிறகு நேரங்களைக் கழித்துப் பார்த்தாள். முதல் கேள்விக்கு முப்பத்து நான்கு நிமிடம். இரண்டாவதற்குப் பதினாறு. மற்ற நான்கும் முப்பதைத் தாண்டியிருந்தன. அந்தப் பதினாறு நிமிடத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. பின்பு நான்காம் விடையின் ஓரத்தில் தன் கையெழுத்தையே படித்தாள்: "சங்கு, 11.40."

நகராட்சிச் சங்கு பகல் பன்னிரண்டுக்குத்தான் ஊதும்.

இரண்டாம் தேர்வின் தாளை எடுத்தாள். அதிலும் 11.40. முதல் தேர்வில் மட்டும் சரியாக 12.00. இன்று நண்பகலில் சங்கு ஊதியபோது டைம்பீஸின் இரண்டு முட்களும் பன்னிரண்டில் ஒன்றியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். கடிகாரத்தில் கோளாறு இல்லை; பின்னுக்குப் போன முள் தேர்வு முடிந்தபின் மறுபடி சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் கேள்வியின் நடுவில் அதைக் கையிலெடுத்து, பின்புறம் திருகி, மறுபடி வைத்தவர் யார் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

மாலையில் அவர் சட்டையைக் கழற்றும் முன்பே தாள்களை நீட்டினாள்.

"நேத்துப் பரீட்சை நடுவுல டைம்பீஸுக்குச் சாவி குடுத்தீகளே, முள்ளையும் திருப்புனீகளா?"

அவர் தாளைப் பார்த்தார். சங்கு என்ற சொல்லின் மேல் பார்வை நின்றது.

"இருவது நிமிசந்தானே புள்ள. நீ மனசு ஒடஞ்சு போயிறக் கூடாதுன்னு..."

"அங்குட்டு மதுரையில யாரு எனக்கு இருவது நிமிசம் குடுப்பாக?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"முடிச்சிருவேன்னு நம்பிப் போயி, அங்க உக்காந்து முடிக்காம எந்திரிச்சு வரணும். அதானே நெனச்சீக?"

மாயக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ரெண்டு தடவ எழுதித் தோத்த பரீட்சை. நீ தேறிட்டா ஊரு என்னைய என்ன சொல்லும்? எந்த ஊருல வேல போடுவாகளோ, அதுவும் தெரியல. எழுதாதேன்னு சொல்ல வாய் வரல லட்சுமி."

"சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அதுக்காச்சும் எனக்கு நேரம் இருந்திருக்கும்."

அன்று அவர் உண்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து, கடைசி இருபது நிமிடங்களில் எழுதிய வரிகளை அடித்தாள். ஆறாம் விடையில் முன்னுரை மட்டும் எஞ்சியது. அறுபத்திரண்டு ஐம்பத்து மூன்றாயிற்று.

புதன்கிழமை, அவர் வேலைக்குப் போன பின் தனியாக எழுதினாள். சங்கு ஊதியபோது முள் பன்னிரண்டில் இருந்தது. ஒரு மணிக்குப் பேனாவை வைத்தபோது கடைசி வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் நின்றது. திருத்துகையில் நேரம் கசியும் இடம் தெரிந்தது: ஒவ்வொரு விடைக்கும் அவள் எழுதிய அரைப்பக்க முன்னுரை. அதற்கு எங்கும் மதிப்பெண் கிடையாது. வெள்ளிக்கிழமை முன்னுரைகளை இரண்டு வரியாகக் குறுக்கி மீண்டும் எழுதினாள். ஆறாம் விடை முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்பு, மதுரைக்குப் புறப்பட அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாயக்கண்ணன் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொண்டு போ. நேரம் சரியா இருக்கு."

அவள் சங்கு ஊதும்வரை காத்திருந்தாள். ஊதியது. குனிந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

கடிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பையுடன் வாசலுக்கு வந்தாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஆசியாக்கா, ஒங்க வாச்ச நாளைக்கு ஒரு நாள் குடுப்பீகளா?"