மாமாவின் தட்டில் வைத்த பங்கு

அபிகேலுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. சிங்கப்பூரில் பிடோக் வீட்டில் அவளும் கணவன் ஜோனாவும், ஜோனாவின் அப்பா மாசிலாமணியும் இருந்தார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. மாசிலாமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, வயிற்று எரிச்சலுக்கு தினமும் ஒரு மாத்திரையும் உண்டு. மற்றபடி காலையில் தானே சர்ச்சுக்கு நடந்து போய் வருகிற மனுஷன்.

ஒரு சனிக்கிழமை ஜோனாவின் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்து, குழந்தைக்கென்று சாமான்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். வரும்போது பெரிய தட்டு ஒன்றையும் வாங்கி வந்திருந்தார்கள். மெல்லிய துண்டுகளாக ஹாம், சலாமி என்று பதப்படுத்திய இறைச்சி, புகை போட்ட சால்மன் மீன், வெள்ளைத் தோல் மூடிய வட்ட சீஸ். கத்தி பட்டதும் வழிகிற மாதிரி மிருதுவாக இருந்தது அந்த சீஸ்.

அபிகேல் எதையும் தொடவில்லை. செக்கப்பில் முதல் மாதமே சொல்லியிருந்தார்கள்: மிருதுவான சீஸ், சூடாக்காத ஹாம், புகை போட்ட மீன் எல்லாம் பிள்ளை பிறக்கும் வரை வேண்டாம் என்று. அவள் அதை அப்படியே கடைப்பிடித்தாள். பழைய சோறு, மிச்சக் குழம்பு எதையும் ஆவி பறக்கச் சூடாக்காமல் வாயில் வைப்பதில்லை.

வந்தவர்கள் போன பிறகு தட்டில் பாதிக்கு மேல் மிச்சம். ஜோனா டப்பாக்களில் போட்டு மூடினான். "அபி சாப்பிடமாட்டா. அப்பா, நீங்க சாப்பிடுங்க லா. வேஸ்ட் ஆகிடும்."

"கொண்டா, எனக்குப் பிடிக்கும்" என்றார் மாசிலாமணி.

அடுத்த நாள் காலையிலிருந்து அபிகேல்தான் எடுத்து வைத்தாள். ரொட்டி ரெண்டு துண்டு, மேலே சீஸ், பக்கத்தில் ஹாம். தனக்கு முட்டையை நன்றாக வேகவைத்துக்கொள்வாள். "உன் பங்கையும் நான்தான் சாப்பிடுறேன்மா" என்று அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். டப்பாவைத் திறக்கும்போது மோந்து பார்ப்பாள். கெட்ட வாடை எதுவும் இல்லை. குளிர்பெட்டியில்தானே இருக்கிறது என்று மூடி வைப்பாள். அந்த வாரம் முழுக்க இப்படியே போனது.

பிறகு ஒரு நாள் அவருக்கு வயிறு சரியில்லை. உடம்பு கொஞ்சம் சுட்டது. காய்ச்சலுக்கு பெனடால் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் அபிகேல் ஜாலான் புசார் கடையில் கணக்கு வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, மாசிலாமணி சோபாவில் உட்கார்ந்து அவளை மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விளக்கைப் பார்க்க முடியவில்லை. அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். குரல் நடுங்காமல் முகவரி சொன்னாள். அப்போதிருந்தே அவளுக்குள் எதுவும் நடுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மருந்து உடனே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். சோதனை முடிவு வர ரெண்டு நாள் ஆனது. டாக்டர் உம்மு சல்மா ஜோனாவையும் அபிகேலையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தஞ்சாவூர்த் தமிழ் மாறாமல் பேசுகிற, நாற்பது வயதிருக்கும் பெண்மணி.

"லிஸ்டீரியான்னு ஒரு கிருமி. இரத்தத்துல இருக்கு, மூளையைச் சுத்தின தண்ணியிலயும் இருக்கு. போன சில வாரமா என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. சமைக்காம, சூடாக்காம சாப்பிட்டது ஏதாவது?"

ஜோனா தட்டைப் பற்றிச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார். "மிச்சம் ஏதாவது இருக்கா?"

"டப்பாவைக் கழுவிட்டேன்" என்றாள் அபிகேல்.

"பரவாயில்லை. அதுதான்னு நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்."

"நானும்தான் சாப்பிட்டேன்" என்றான் ஜோனா. "ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிட்டாங்க. யாருக்கும் ஒண்ணுமில்லையே."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மிஞ்சினா ஒரு நாள் வயிறு கலங்கும். இந்தக் கிருமி குளிர்பெட்டியிலயும் மெதுவா வளரும். மத்ததெல்லாம் குளிர்ல தூங்கும், இது தூங்காது. வாடையும் வராது. நாள் ஆக ஆக கூடும். கொஞ்சமா உள்ள போனா உங்க உடம்பே பார்த்துக்கும். அப்பாவுக்கு வயசாச்சு, உடம்போட காவல் மெதுவாயிடுச்சு. சர்க்கரை வேற. வயித்து மாத்திரையால அமிலம் குறைவு, அதனால கிருமி வயித்துல சாகாம உள்ள போயிடுது. உங்களுக்குத் தாங்குற அளவு அவருக்குத் தாங்காது."

அபிகேல் தன் வயிற்றின் மேல் கைவைத்திருந்தாள். "எனக்குத்தான் சாப்பிடக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள். "கர்ப்பிணின்னு."

டாக்டர் அவளைப் பார்த்தார். "ஆமா. கர்ப்பத்துல உடம்பு பிள்ளையை ஏத்துக்கிறதுக்காகத் தன் காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கும். அம்மாவுக்கு லேசா காய்ச்சல்தான் வரும், ஆனா கிருமி பிள்ளைகிட்ட போயிடும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றோம். வயசானவங்களுக்கும் அதே எச்சரிக்கைதான்மா. அவங்ககிட்ட யாரும் அவ்வளவா சொல்றதில்ல."

"ஒரே சாப்பாட்டைத்தான் எனக்கு எடுக்காம அவருக்கு வச்சேன்."

"உங்களுக்குத் தெரியாது."

அபிகேல் தலையசைத்தாள். டாக்டர் மேற்கொண்டு சொன்னது அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவள் சாப்பிடாவிட்டாலும் அந்தக் கத்தியை, டப்பாவைத் தொட்டிருக்கிறாள், கவனமாக இருக்கவேண்டும் என்றார் டாக்டர். காய்ச்சல் இல்லாதவரை சோதனையோ மருந்தோ தேவையில்லை. இன்னும் ரெண்டு மாசத்துக்குக் காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் காத்திருக்காமல் வரவேண்டும். ஜோனா எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான்.

மாசிலாமணி மருந்துக்குக் கொஞ்சம் இணங்கினார். ஒரு நாள் கண் திறந்து ஜோனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அதுவும் நின்றது. ரெண்டாவது வாரத்தில், ஒரு மதியம், பாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார்.

உடலைப் புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் வைத்தார்கள். சர்ச் ஆட்களும் பழைய துறைமுகக்காரர்களும் வந்தார்கள். அபிகேல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி போட்டாள். நாத்தனார் சுதா மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்து அவள் தோளில் சாய்ந்து அழுதபோது, அபிகேல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படம் போட்ட நோட்டீசை முழுக்கப் படித்தாள்.

மூணு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. ஜோனா டாக்சி பிடித்தான். இரத்தம் எடுத்தார்கள், முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தும் ஏற்றினார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் கட்டினார்கள். டக்டக்கென்று வேகமாக ஓடுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். பயப்படவேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

முடிவு வந்தது. கிருமி இல்லை. சாதாரண சளிக் காய்ச்சல்தான் என்றாள் நர்ஸ்.

"சரி" என்றாள் அபிகேல்.

ஜோனா கட்டிலின் ஓரத்தில் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையில் கைவைத்தாள். டாக்டரிடம் ஒரு தடவை சொன்னதோடு நிறுத்தியிருந்ததை அவனிடம் சொன்னாள்.

"மாமாவுக்கு நான்தான் தினமும் எடுத்து வச்சேன்."

"தெரியும்."

"எனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுது. அவருக்கும் ஆபத்தா இருக்கும்னு ஒரு தடவைகூட யோசிக்கல."

ஜோனா முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் வேஸ்ட் ஆகிடும் சாப்பிடுங்கன்னு சொன்னேன். எனக்கும் தோணல. அம்மா இருந்தா அவங்களுக்கும் தோணியிருக்காது, அபி."

அவள் கையை அவன் தலையிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு யாரோ கஞ்சி கொண்டு வந்தார்கள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவள் அதை ஜோனாவிடம் சொன்னாள். அவன் கையை எடுத்து அங்கே வைத்தாள்.