சனிக்கிழமை நாலு வரி

"என் பேரைக் கீழே போடுங்க."

கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்த ஒன்றைத்தான் மங்கையர்க்கரசி கேட்டாள். போர்ட் பிளேரில் தமிழ்ப் படிப்பகம் நடத்திவந்த கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் வெற்றிலையை மென்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

இரண்டு வருடமாகப் படிப்பகத்தின் வாசல் பலகையில் சனிக்கிழமை தவறாமல் 'யார் இவர்?' வந்துகொண்டிருந்தது. சிவப்பு மையில் தலைப்பு. ஊரில் நடமாடும் ஒருவரைப் பற்றி நாலு வரி, பெயர் இல்லாமல். விடை அடுத்த சனிக்கிழமைத் தாளின் அடியில். அரைநாள் ஆபீஸ் விட்டதும் சனம் நேரே பலகைக்குத்தான் வரும். காய்ச்சலில் படுத்தாலும் வாரம் தவறக் கூடாதென்று அவள் இரண்டு மூன்று தாளை முன்னதாகவே எழுதி வைத்திருப்பாள். எழுதப்படுகிறவரிடம் சம்மதம் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் தாளில் இருப்பது 'எழுதியவர்: ஜம்புலிங்கம்'.

"பொம்பளைப் பேரு பலகையில தொங்கணுமாக்கும்? உங்கப்பன் எங்கிட்ட மண்ணு சுமந்தவன். பி.ஏ. முடிச்சதும் கொம்பு முளைச்சிருச்சோ?"

"மண்ணு சுமந்தது அவரு. இதைச் சுமக்கிறது நானு. பேரு மட்டும் உங்களுக்கா?"

"சரிம்மா, உன் பேரு வரும். அடுத்த சனிக்கிழமை, விடையில." அவர் சிரித்தார். "இந்த வாரம் நானே எழுதி ஒட்டிட்டேன். போய்ப் பாரு."

வாசலில் கூட்டம். அதே சிவப்புத் தலைப்பு, அதே நாலு வரி.

'இவர் பட்டதாரி.
பெண் பார்க்க வந்த இருவர் மறு கப்பலிலேயே மெயின்லேண்ட் திரும்பினர்.
சம்பளம் வாங்குவார், சமைக்கத் தெரியாது.
நாக்கு மட்டும் நீளம்.'

"அரே, கராச்சர்மாவிலேர்ந்து பஸ்ஸில வர்ற நம்ம அக்காதானே?" என்றான் துறைமுகக் கிளார்க் பன்னீர்செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. இந்தத் தலைப்பில் வருகிறவர் ஒத்துக்கொண்டுதான் வருவார் என்று ஊரைப் பழக்கியதே அவள்தான்.

"நான்தான்," என்றாள். "விடைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேணாம். என்னைக் கேக்காம எழுதினாரு. இதுவரைக்கும் வந்ததெல்லாம் நான் எழுதினது."

"போங்கக்கா. அவரு எழுத்து எங்களுக்குத் தெரியாதா? இந்த வாரந்தான் இன்னும் ஜோர்."

அதுதான் சுருக்கென்று தைத்தது. வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைப்பும் நாலு வரியும் கிழமையும் இருந்தால் போதும், உள்ளே எந்தச் சாக்கடையை ஊற்றினாலும் குடிப்பார்கள்.

உள்ளேயிருந்து ஜம்புலிங்கம் குரல் கொடுத்தார். "எழுதி வச்ச தாளைக் குடுத்துட்டுப் போம்மா. அடுத்த வாரம் சனம் ஏமாந்துரும்."

"ஏமாறட்டும்."

அந்தத் தாள்கள் பையில் இருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயரோடு. அவர் மறுப்பார் என்று தெரிந்தே, வரும் வழியில் டாலிகஞ்ச் ஸ்டாப்பில் இறங்கி, அங்கே கடை வைத்திருக்கும் நஜிமுதீன் பாயிடம் தாள் ஒட்டக் கடைச் சுவரைக் கேட்டு வாங்கியிருந்தாள். பலகையை மறைத்து நின்றவர்களை விலக்கிக்கொண்டு படியிறங்கி பஸ்ஸுக்கு நடந்தாள்.