பெயருக்கு முன் மூன்று மூச்சு

வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஒரு பேச்சாளரை அறிமுகம் செய்தால், சரக்குப் பட்டியல் வாசிப்பது போலவே இருக்கும். போன மாதம் அவர் வாசித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் நழுவிவிட்டது. வந்தவர் பாவம், நாற்காலிகளுக்குத்தான் பேசினார். இன்று பேச வருபவர் தீயணைப்பு அதிகாரி. அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

காலையில் செயலாளரின் துணிக்கடையில் அவர் மனைவி கேட்டாள்: "சேலை விக்கிறப்ப குரலை ஏத்தி இறக்குறீங்க, விலையைச் சொல்றதுக்கு முன்னால நிறுத்தி மூஞ்சியப் பாக்குறீங்க. மைக்கைப் பிடிச்சா மட்டும் ஏன் இழவுச் சேதி சொல்ற மாதிரி?"

"அலுத்துப்போச்சுடி," என்றார். ஆனாலும் அறிமுகம் எழுதிய தாளில் இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு போட்டார். பெயருக்கு முன், நிறுத்த வேண்டிய இடத்தில், ஒரு சாய்கோடு.

மைக் முன்னால் நின்றபோது முழங்கால் வலித்தது. பின்வரிசையில் நாலு பேர் அதற்குள் எழுந்துவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, நிதானமாகத் தொடங்கினார்.

"இருபது வருஷமா இந்தம்மா எரியுற கடைக்குள்ள போறவங்க." 'எரியுற' என்பதை அழுத்தினார். "பல கடையில ஆளுங்க தப்பிக்க முடியாததுக்குக் காரணம், பூட்டின பின்கதவு." 'பூட்டின' என்பதிலும் ஓர் அழுத்தம். நிறுத்தினார்.

பக்கத்திலிருந்த சங்கத் தலைவர் கிசுகிசுத்தார்: "என்னய்யா, பேரு மறந்துபோச்சா?"

செயலாளர் அசையவில்லை. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் கடைப் பின்கதவை நினைத்தாரோ என்னவோ, ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் அதிகாரியின் பெயரைக் கணீரென்று சொன்னார்.

பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. அரங்கில் தூங்கியவர் ஒரே ஆள்தான்: ஓரத்து நாற்காலியில், செயலாளர்.